பெரிய கூட்டம் முதலில்

தேர்வுப் பிரிவுக்கு என்னை மாற்றிய உத்தரவோடு போய் நின்றபோது, மேடம் அதை வாங்கிப் படிக்கக்கூட இல்லை. “சாயங்காலத்துக்கு ஏதாவது சாப்பிடக் கொண்டு வந்திருக்கீங்களா தம்பி?” என்று கேட்டார். இல்லை என்றேன். “நாளையிலிருந்து கொண்டு வந்திடுங்க. நாலே முக்காலுக்குக் காலேஜ் பஸ் போனப்புறம்தான் நமக்கு வேலையே ஆரம்பிக்கும்.”

2023 நவம்பர்–டிசம்பர் செமஸ்டர் தேர்வு அப்போது தொடங்கியிருந்தது. நான் கணிதத் துறையில் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. மேடமும் கணிதத் துறைதான், ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்தார். பல வருடமாக ஹாலில் யார் எங்கே உட்காருவது என்ற வேலை அவருடையது. அது பெரிய விஷயம் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. காலையில் வராந்தாவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், பையன்கள் முண்டியடித்துத் தங்கள் எண்ணைத் தேடுவார்கள், கிடைத்ததும் ஓடுவார்கள். அந்தத் தாள் முந்தின நாள் ராத்திரி எப்படி உருவாகிறது என்று யாரும் கேட்பதில்லை.

ராத்திரியில் உருவாவதற்குக் காரணம் இருக்கிறது. முன்கூட்டியே போட்டு ஒட்டிவிட்டால், தன் பெஞ்ச் எது என்று தெரிந்தவன் முதல் நாளே வந்து அதன் அடியில் எதையாவது எழுதிவிட்டுப் போவான். அதனால் சார்ட் தேர்வு நாள் காலையில்தான் வெளியே வரும். ஒரே ஆள் தினமும் ஒரே இடத்தில் உட்காராதபடி ஹால்களும் சுழலும். இதற்கு மேல், துறைகளிலிருந்து பட்டியல் வந்து சேரவே மாலை ஆகிவிடும்.

அன்று வந்த பட்டியல்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். மறுநாள் காலை 10 மணித் தேர்வு, மூன்றாம் செமஸ்டர் கணிதம். கணிதம் என்றால் ஒரே தாள் இல்லை. சிவிலுக்கும் மெக்கானிக்கலுக்கும் MA3351, கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு MA3354, இ.சி.இ.க்கு MA3355, இ.இ.இ.க்கு MA3303. இவை 2021 பாடத்திட்டம். பழைய 2017 பாடத்திட்டத்தில் அரியர் வைத்திருப்பவர்களுக்கு MA8353. ஐந்து துறை, ஒரு அரியர் பட்டியல், ஆக ஆறு கோப்பு மேடத்தின் கணினியில் வந்து விழுந்திருந்தன.

முதலில் மெக்கானிக்கல் கோப்பைத் திறந்தார். பதிவு எண் இருக்க வேண்டிய இடத்தில் எல்லோருக்கும் ஒரே எண், அதன் வாலில் `E+11`. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் பதிவு எண் 12 இலக்கம். முதல் நான்கு கல்லூரிக்கு, அடுத்த இரண்டு சேர்ந்த வருடத்துக்கு, அடுத்த மூன்று துறைக்கு, கடைசி மூன்று ஆளுக்கு. எக்செல்லிடம் எதையும் சொல்லாமல் விட்டால் அது 11 இலக்கம் வரைதான் முழுசாகக் காட்டும். 12 ஆனதும் சுருக்கிவிடும்.

“பார்மட்டை `Number`-னு மாத்தினா வந்துடுமே மேடம்?” என்றேன்.

“எக்செல்லாவே அனுப்பியிருந்தா வரும். உள்ளே எண் பத்திரமா இருக்கும், வெளியேதான் சுருக்கிக் காட்டும். கோப்போட பேரைப் பாருங்க.”

கோப்பின் வால் `.csv` என்றிருந்தது. அப்படிச் சேமித்தால் திரையில் என்ன தெரிந்ததோ அதுதான் எழுதப்படும். கடைசி இலக்கங்கள், அதாவது ஆளையே அடையாளம் காட்டும் இலக்கங்கள், போயே போய்விட்டன. பார்மட்டை எப்படி மாற்றினாலும் பூஜ்யம்தான் வரும். மேடம் அலுத்துக்கொள்ளவில்லை. அலமாரியைத் திறந்து நாமினல் ரோலின் அச்சுப் பிரதியை எடுத்து என்னிடம் நீட்டினார். “இதுதான் மூலம். மத்ததெல்லாம் நகல். நீங்க படிங்க, நான் அடிக்கிறேன்.”

ஐம்பத்திரண்டு எண்களைப் படித்தேன். அவர் அடிப்பதற்கு முன் அந்தப் பத்தி முழுவதையும் `Text` என்று மாற்றிக்கொண்டதைக் கவனித்தேன். எண்ணைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை, அப்புறம் அது ஏன் எண்ணாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

இ.சி.இ. பட்டியல் பார்க்க ஒழுங்காக இருந்தது. எண்கள் ஏறுவரிசையில், பெயர்கள் அகர வரிசையில். நான் அடுத்த கோப்புக்குப் போகப் பார்த்தேன். மேடம் நிறுத்தி, பட்டியலின் அடிப்பகுதிக்கு வந்தார்.

“301 யாரு?”

பெயர் வி-யில் தொடங்கியது. 302-ம் வி. கடைசிப் பெயர் ஒய்.

“இது தப்பு தம்பி.”

எப்படிக் கண்டுபிடித்தார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. முதல் வருடத்திலேயே சேர்ந்தவர்களுக்கு எங்கள் கல்லூரியில் பெயரின் ஆங்கில அகர வரிசைப்படி 001-லிருந்து எண் கொடுத்திருப்பார்கள். டிப்ளமா முடித்து நேராக இரண்டாம் வருடத்தில் சேர்கிற லேட்டரல் பிள்ளைகளுக்கு 301-லிருந்து தனி வரிசை. அப்படியானால் 301-க்கு வரும்போது பெயர் மறுபடியும் ஏ, பி என்று ஆரம்பிக்க வேண்டும். இங்கே பெயர்கள் ஏ-யிலிருந்து ஒய் வரை ஒரே ஓட்டமாக ஓடியிருக்கின்றன. யாரோ பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். எக்செல் அப்போது பக்கத்துப் பத்திகளையும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். `Expand the selection` என்பதை விட்டுவிட்டு மற்றதை அழுத்தினால் பெயர் நகரும், எண் அப்படியே நிற்கும். ஒருவர் எண் இன்னொருவர் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

உட்காரும் சார்ட்டில் எண் மட்டும்தானே போகிறது, பெயர் மாறினால் என்ன என்று கேட்டேன். வருகைத் தாளில் பெயரும் உண்டு என்றார். கையெழுத்துப் போடும் பையன் தன் எண்ணுக்கு நேரே வேறு பெயரைப் பார்த்தால் கை நடுங்கிப் போவான், கண்காணிப்பாளர் ஹால் டிக்கெட்டை மூன்று தரம் பார்ப்பார், அவனுக்குப் பத்து நிமிடம் வீண். அந்தப் பெயர்ப் பத்தியை அப்படியே அழித்துவிட்டு, மூலத்திலிருந்து மறுபடி எடுத்தோம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டியலின் சிக்கல் இன்னொரு வகை. சில எண்கள் எண்ணாகவும் சில எழுத்தாகவும் கிடந்தன. எழுத்தாக இருப்பவற்றின் கட்ட மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் தெரியும். வரிசைப்படுத்தினால் எக்செல் எண்களையெல்லாம் முதலில் வைத்து, எழுத்துகளைக் கடைசிக்குத் தள்ளிவிடும். 009 போய் 303-க்குக் கீழே நிற்கும். எல்லாவற்றையும் ஒரே வகையாக்கிவிட்டு எண்ணிப் பார்த்தோம். 58. துறையும் 58 என்றுதான் எழுதியிருந்தது. எனக்கு நிம்மதி.

மேடத்துக்கு இல்லை. “மொத்தம் சரியா இருக்குன்னா என்ன அர்த்தம்? ஒண்ணு விட்டுப்போய் ஒண்ணு ரெண்டு தரம் வந்தாலும் மொத்தம் சரியாத்தான் இருக்கும்.” ஒரு தாளில் எழுதினார்: 001 முதல் 056 வரை 56 பேர். நடுவில் 023 படிப்பை விட்டுப் போய்விட்டான், ஆகவே 55. லேட்டரல் 301 முதல் 303 வரை 3. கூட்டினால் 58. “இப்ப இந்த 58-ம் அந்த 58-ம் ஒரே 58-ஆன்னு பாக்கணும்.” பக்கத்துப் பத்தியில் ஒரு வரி போட்டு இழுத்தார்.

```
=COUNTIF(A:A,A2)
```

எல்லாவற்றுக்கும் 1 வர வேண்டும். இரண்டு இடத்தில் 2 வந்தது. 041 இரண்டு தரம் இருந்தது, 014 இல்லவே இல்லை. தட்டச்சில் இலக்கம் முன்பின்னாக மாறியிருக்கிறது. இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் காலையில் 014 வராந்தாவில் எல்லாத் தாளிலும் தன் எண்ணைத் தேடிக்கொண்டு அழுதுகொண்டு நின்றிருப்பாள்.

பட்டியல்கள் சுத்தமாகி முடியும்போது மணி ஏழு. மேடம் டப்பாவைத் திறந்து எலுமிச்சைச் சாதத்தில் பாதியை மூடியில் போட்டு என் பக்கம் தள்ளினார். சாப்பிட்டுக்கொண்டே எண்ணிக்கையைச் சொல்லச் சொன்னார். சிவில் 38, மெக்கானிக்கல் 52, கம்ப்யூட்டர் சயின்ஸ் 58, இ.சி.இ. 46, இ.இ.இ. 24, அரியர் 17. மொத்தம் 235. எங்கள் ஹால் ஒன்றுக்கு 25 இடம், ஐந்து நீள வரிசை, வரிசைக்கு ஐந்து மேஜை. பத்து ஹால் போதும்.

“இப்ப நீங்க எப்படிப் போடுவீங்க?”

ஒரு வரிசை இந்தத் துறை, அடுத்த வரிசை அந்தத் துறை என்று மாற்றி மாற்றி எண் வரிசைப்படி நிரப்பிக்கொண்டே போகலாம் என்றேன். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் தொடங்குகிறார்கள் என்றும், எட்டாவது ஹால் வரைக்கும் அழகாக வரும் என்றும் சொன்னார். அதற்குள் சின்னத் துறைகள் தீர்ந்துவிடும். ஒன்பதாவதிலும் பத்தாவதிலும் மீந்து நிற்பது ஒரே தாள் எழுதுகிற கூட்டமாக இருக்கும். அவர்களைப் பிரித்து வைக்க வேறு ஆளே இருக்காது.

“கல்யாணப் பந்தியில பெரிய சொந்தக்காரக் கூட்டத்தை முதல்ல உக்கார வச்சுட்டு, தனித்தனியா வந்தவங்களை அங்கங்க செருகுவாங்க இல்ல? அதே கணக்குதான்.”

பெரிய கூட்டம் எது என்று நான் பார்த்தேன். MA3351, சிவிலும் மெக்கானிக்கலும் சேர்ந்து 90 பேர். சொன்னேன். மேடம் தலையை ஆட்டவில்லை.

“MA8353 பேரைப் படிங்க.”

‘டிரான்ஸ்பார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிபரென்ஷியல் ஈக்வேஷன்ஸ்.’

“MA3351?”

அதே பெயர். நான் நடத்துகிற பாடம்தான். பூரியர் தொடர், பகுதி வகைக்கெழுச் சமன்பாடு, இசட் டிரான்ஸ்பார்ம் எல்லாம் இரண்டிலும் உண்டு. பாடத்திட்டம் மாறியது, குறியீடு மாறியது, கேள்வித்தாளும் வேறு. ஆனால் இதை எழுதுகிறவனுக்கு அதை எழுதுகிறவனின் தாளில் எட்டிப்பார்க்க நிறைய இருக்கிறது. குறியீட்டை வைத்து மட்டும் பிரிக்கும் மென்பொருள் இரண்டும் வேறு தாள் என்று பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிடும். எங்களிடமும் அப்படி ஒரு மென்பொருள் இருந்தது. எண்களை அடுக்கவும் அச்சடிக்கவும் மேடம் அதைப் பயன்படுத்துவார், யார் பக்கத்தில் யார் என்பதை அதனிடம் விடமாட்டார். அவர் சொல்வது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. குறியீட்டைப் பார்க்கிறவர் வேறு, பாடத்தைத் தெரிந்தவர் வேறு.

அப்படியானால் MA3355-க்கும் MA3303-க்கும் நிகழ்தகவு பொதுவாக வருகிறதே, அதையும் பிரிக்க வேண்டுமா என்று கேட்டேன். சிரித்தார். “அதையும் பாத்தீங்கன்னா யாரையும் யார் பக்கத்துலயும் உக்கார வைக்க முடியாது. இருங்க, அது தானா சரியாகும்.”

ஆட்களை விட்டுவிட்டு வரிசைகளாக எண்ணச் சொன்னார். பத்து ஹாலில் 50 வரிசை. MA3351-க்கு 90 பேர், சரியாக 18 வரிசை. அரியர் 17 பேருக்கு நாலு வரிசை, கடைசி வரிசையில் இரண்டு பேர்தான். ஆக பெரிய கூட்டம் 22 வரிசை. கம்ப்யூட்டர் சயின்ஸ் 12 வரிசை, கடைசியில் மூன்று பேர். இ.சி.இ. ஒன்பது முழு வரிசை போக ஒருவன் மிச்சம். இ.இ.இ. நாலு முழு வரிசை போக நாலு பேர் மிச்சம். அந்த நாலோடு இந்த ஒருவனைச் சேர்த்தால் ஒரு வரிசை. மொத்தம் 48. இரண்டு வரிசை கையிருப்பு.

பிறகு பெரிய கூட்டத்தை மட்டும் எடுத்தார். எட்டு ஹாலில் அவர்களுக்கு 2, 4 ஆகிய வரிசைகள். அது 16. இரண்டு ஹாலில் 1, 3, 5. அது 6. இருபத்திரண்டும் தீர்ந்தது. மீதி இடங்களை எண்ணச் சொன்னார். எட்டு ஹாலில் மும்மூன்று வரிசை 24, இரண்டு ஹாலில் இரண்டிரண்டு 4, மொத்தம் 28. மற்ற துறைகளுக்கு வேண்டியது 26.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த ஹாலிலும் பெரிய கூட்டம் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை உட்கார்ந்துவிட்டது. மீதி வரிசைகளில் யாரைக் கொண்டு வந்து போட்டாலும் அவர்களுக்குப் பக்கத்து வரிசையில் பெரிய கூட்டம்தான் இருக்கும். இ.சி.இ.யும் இ.இ.இ.யும் எப்படியும் பக்கவாட்டில் ஒட்டி உட்கார முடியாது. அவர்களைப் பிரிப்பதற்காகத் தனியாக எதுவும் யோசிக்கத் தேவையில்லை. எண் வரிசைப்படி வழித்துக்கொண்டே போகலாம்.

ஒரே வரிசையில் முன்னும் பின்னும் ஒரே தாள்தானே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். முன்னால் இருப்பவனின் முதுகு மறைக்கும், மேஜைகளுக்கு நடுவே இடைவெளி உண்டு, திரும்பிப் பார்ப்பவனைக் கண்காணிப்பாளர் உடனே பார்த்துவிடுவார். பக்கவாட்டில் ஓரக்கண்ணால் பார்ப்பதுதான் பிடிபடாதது. சார்ட்டால் தடுக்க முடிந்தது அதைத்தான். மற்றது ஹாலில் நிற்பவர் பொறுப்பு.

அரியர் பிள்ளைகளை முதல் இரண்டு ஹாலில், கீழ்த்தளத்தில் போட்டார். அவர்களில் படிப்பு முடித்து வேலைக்குப் போய்விட்டு, விடுப்பெடுத்து வந்து எழுதுகிறவர்கள் உண்டு. மாறிப்போன அறை எண்களைத் தேடி மாடி மாடியாக அலைய வேண்டாமே என்பது காரணம்.

எட்டு மணி வாக்கில் மெக்கானிக்கல் துறைத் தலைவர் தொலைபேசியில் வந்தார். 114029 பைக்கிலிருந்து விழுந்து காலில் கட்டுப் போட்டிருக்கிறான், மாடி ஏற முடியாது, எழுத வருகிறான். போட்டு முடித்த சார்ட்டில் அவன் இரண்டாம் மாடியில் இருந்தான். கீழ்த்தளத்தில் இருப்பது முதல் இரண்டு ஹால். நான் மறுபடியும் முதலிலிருந்து என்று நினைத்து நாற்காலியில் சாய்ந்தேன்.

மேடம் இரண்டாம் ஹால் சார்ட்டை முன்னால் இழுத்தார். அதில் நான்காவது வரிசை அரியரின் வால், இரண்டே பேர். மூன்று இடம் காலி. இந்தப் பையன் எழுதுவது MA3351, பெரிய கூட்டத்தின் ஆள். பெரிய கூட்டத்துக்கென்று ஒதுக்கிய வரிசையில் அவன் உட்கார்ந்தால் பக்கத்து வரிசைகள் எதுவும் கெடாது. அவனை நான்காவது வரிசையின் முதல் மேஜையில் போட்டார். இரண்டாவது மேஜையைக் காலியாக விட்டு, அரியர் இருவரையும் அதற்குப் பின்னாலேயே விட்டார். கையிருப்பில் இருந்த இரண்டு வரிசைகளில் ஒன்றை அந்த ஹாலின் ஐந்தாவது வரிசையாக வைத்தார், கதவுப் பக்கம், கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொள்ள வசதியாக. இன்னொரு காலி வரிசை கடைசி ஹாலுக்குப் போனது.

முடிந்தது என்று நினைத்தேன். அவர் பென்சிலை வைக்கவில்லை. ஒவ்வொரு சார்ட்டின் அடியிலும் அந்த ஹாலுக்குப் போக வேண்டிய கேள்வித்தாள் கணக்கு இருக்கும். இரண்டாம் ஹாலில் இப்படி எழுதினார்: MA3354 – 10, MA8353 – 7, MA3351 – 1, ஆக 18. அந்த 1-ஐச் சிவப்பு மையால் வட்டமிட்டார்.

“இதுதான் இன்னிக்கு ராத்திரியோட ஆபத்து,” என்றார்.

யோசித்துப் பார்த்தேன். ஹாலில் ஏழு பேருக்கு ஒரு கட்டு வருகிறது. தலைப்பைப் பார்த்தால் ‘டிரான்ஸ்பார்ம்ஸ் அண்ட் பார்ஷியல்…’. இவனுக்கும் அதே தலைப்பு. கண்காணிப்பாளர் அவசரத்தில் அந்தக் கட்டிலிருந்தே ஒன்றை இவனிடம் கொடுத்துவிடலாம். பையனுக்கும் உடனே தெரியாது. கேள்விகள் தெரிந்த கேள்விகளாகவே இருக்கும். எழுதத் தொடங்கிவிடுவான். அரை மணி கழித்துத் தாளின் மேல்மூலையில் இருக்கும் குறியீட்டை ஹால் டிக்கெட்டோடு ஒப்பிட்டால்தான் உண்டு. அதற்காகச் சார்ட்டில் அவன் கட்டத்துக்குள் எண்ணோடு குறியீட்டையும் எழுதினார். மறுநாள் காலை அந்த ஹாலுக்குப் போகும் கண்காணிப்பாளரிடம் வாயாலும் சொல்ல வேண்டும் என்று ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார்.

இரண்டாம் மாடியில் அவன் இருந்த கட்டத்தில் எண்ணை அடித்துவிட்டு ‘ஹால் 2’ என்று எழுதினார். அதைச் செய்யாவிட்டால் அங்கிருப்பவர் வருகைத் தாளில் அவனுக்கு ஆப்சென்ட் போட்டுவிடுவார். கீழே உட்கார்ந்து மூன்று மணி நேரம் எழுதியவனுக்கு முடிவில் ‘வரவில்லை’ என்று வந்து நிற்கும். அதை மாற்ற எத்தனை கடிதம் எழுத வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும்.

சார்ட்டில் இன்னும் இரண்டு பழக்கம் வைத்திருந்தார். தாளின் மேல் விளிம்பில் ‘கரும்பலகை’ என்று எழுதி, கதவு எந்தப் பக்கம் என்று ஒரு சின்னக் கோடு போடுவார். அறைக்குள் கதவு சில ஹாலில் இடப்பக்கம், சிலதில் வலப்பக்கம். இந்தக் கோடு இல்லாவிட்டால் கண்காணிப்பாளர் கரும்பலகைக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு சார்ட்டைப் படிப்பார், முதல் வரிசை ஐந்தாவது வரிசையாகிவிடும். இன்னொன்று எண் ஓடும் திசை. முதல் வரிசையில் முன்னாலிருந்து பின்னால் போனால், அடுத்ததில் பின்னாலிருந்து முன்னால் வரும். விடைத்தாளை வாங்குகிறவர் போன வழியே திரும்பாமல் பாம்பு மாதிரி வளைந்து நடந்தாலே போதும், கட்டு எண் வரிசையில் வந்துவிடும்.

கடைசி வேலை சரிபார்ப்பது. நாமினல் ரோலைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகச் சார்ட்டில் தேடலாம் என்று நான் ரோலைக் கையில் எடுத்தேன். மேடம் அதைத் தலைகீழாகச் செய்யச் சொன்னார். அவர் சார்ட்டிலிருந்து படித்தார், நான் ரோலில் டிக் போட்டேன். ஒரு எண்ணுக்கு இரண்டு டிக் விழுந்தால் அது இரண்டு ஹாலில் இருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகும் டிக் இல்லாமல் நின்றால் அது எங்கும் இல்லை. ரோலில் இல்லாத எண்ணைப் படித்தால் அப்போதே தெரிந்துவிடும். ரோலிலிருந்து சார்ட்டுக்குப் போனால் விட்டுப்போனது மட்டும்தான் தெரியும். இரண்டு தரம் வந்ததை முதல் தரம் கண்டதுமே திருப்தியாகி அடுத்ததற்குப் போய்விடுவோம்.

நடுவே காவலாளி அண்ணன் எட்டிப் பார்த்து, “மேடம், மெயின் பிளாக் பூட்டலாமா?” என்று கேட்டார். “இன்னும் ரெண்டு ஹால்தான் அண்ணே,” என்று அவர் தலை நிமிராமல் சொன்னார். எட்டே முக்கால் டவுன் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்தது ஒன்பதேகாலுக்கு.

பத்து சார்ட்டின் அடிக்கணக்கையும் தாள்வாரியாகக் கூட்டினோம். MA3351 – 90, MA8353 – 17, MA3354 – 58, MA3355 – 46, MA3303 – 24. 235. அச்சடித்து, ஒட்ட வேண்டிய பிரதியையும் ஹாலுக்குள் போகும் பிரதியையும் தனித்தனிக் கவரில் வைத்து, பீரோவில் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

காலையில் ஏழரைக்கு அட்டெண்டர் ஒட்டினார். ஒன்பதே முக்காலுக்கு வராந்தாவில் ஆள் இல்லை. 114029 ஊன்றுகோலோடு கீழ்த்தளத்திலேயே நுழைந்தான். இரண்டாம் ஹாலுக்குக் கேள்வித்தாள் கொண்டு போன சாரை மேடம் வாசலில் நிறுத்தி ஒரு நிமிடம் பேசியதைப் பார்த்தேன். தேர்வு நடந்தது. அவ்வளவுதான்.

மேடம் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பட்டியல் அனுப்புகிற துறை நண்பர்களிடம் என் வேண்டுகோள் இவைதான்: பதிவு எண் பத்தியை `Text` ஆக்கிவிட்டு அடியுங்கள், `.csv` ஆக அனுப்பாதீர்கள், பெயர்ப் பத்தியை மட்டும் வரிசைப்படுத்தாதீர்கள், யாருக்காவது கால் உடைந்தால் மதியம் மூன்று மணிக்குள் சொல்லிவிடுங்கள்.